முந்திக்கொள்ளும் துடிப்பு

அந்த இளைஞருக்கு 23 வயது. பொறியியல் முடித்து ஒரு தொழிற்சாலையில் வேலை உறுதியாகியிருந்தது. சேருவதற்கு முன் எடுக்கச் சொன்ன இ.சி.ஜி. தாளை அவருடைய அப்பா நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தாளின் மேல் ஓரத்தில் இயந்திரம் தானாகவே ஒரு வரி அச்சிட்டிருந்தது: இதயத்தின் கீழ்ச்சுவரில் பழைய மாரடைப்பு இருக்கக்கூடும், எப்போது வந்தது என்று சொல்ல முடியவில்லை.

"பையனுக்கு அட்டாக் வந்துட்டுப் போயிருக்குன்னு போட்டிருக்காங்க சார். போன ஞாயித்துக்கிழமை கூட இவன் கிரிக்கெட் ஆடிட்டுத்தான் வந்தான்" என்றார். பையன் எதுவும் பேசாமல் நின்றார்.

தாளை மேசையில் விரித்து மடிப்புகளைக் கையால் நீவிவிட்டுப் பார்த்தேன். இயந்திரம் பொய் சொல்லவில்லை. மூன்றாம் லீடிலும் ஏவிஎஃப் லீடிலும் துடிப்பின் தொடக்கம் மேலே போகாமல் கீழ்நோக்கி இறங்கியிருந்தது. கீழ்ச்சுவர்த் தசை செத்துப்போனாலும் அதே இடத்தில் அப்படித்தான் இறங்கும். ஆனால் இயந்திரத்தின் கண் அந்தப் பள்ளத்திலேயே நின்றுவிட்டது. அதற்குச் சற்று முன்னால், பள்ளத்துக்கும் அதற்கு முந்தைய சிறு மேட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சமதரை ஏன் காணவில்லை என்று அது கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் காணாமல் போன சமதரையைப் பற்றியது.

இ.சி.ஜி. தாள் உண்மையில் ஒரு கடிகாரம். வழக்கமான வேகத்தில் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னக் கட்டம் ஒவ்வொன்றும் 40 மில்லிநொடி. ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 200 மில்லிநொடி. ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் சின்ன மேடாக வருவது பி அலை, அதாவது இதயத்தின் மேலறைகள் மின்னேற்றம் பெறும் நேரம். அடுத்து உயரமாகவும் கூர்மையாகவும் வருவது க்யூ.ஆர்.எஸ்., கீழறைகள் மின்னேற்றம் பெறும் நேரம். பி அலை தொடங்கும் புள்ளியிலிருந்து க்யூ.ஆர்.எஸ். தொடங்கும் புள்ளி வரை உள்ள தூரத்துக்குப் பி.ஆர். இடைவெளி என்று பெயர். வளர்ந்தவர்களிடம் அது மூன்றிலிருந்து ஐந்து சின்னக் கட்டம், அதாவது 120 முதல் 200 மில்லிநொடி வரை இருக்கும். அதில் பெரும்பகுதி பி அலைக்கே போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு சமதரை.

அந்தச் சமதரை வீண் நேரம் அல்ல. மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் மின்சாரத்தைக் கடத்தாத நார்த் திசு வளையம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக இயற்கை விட்டுவைத்த வாசல் ஒன்றே ஒன்றுதான்: ஏ.வி. கணு. நெடுஞ்சாலையில் உள்ள டோல்கேட் போல அது ஒவ்வொரு மின்னலையையும் சற்று நிறுத்தித்தான் அனுப்பும். அந்த நேரத்தில் மேலறைகள் சுருங்கித் தங்களிடம் உள்ள ரத்தத்தைக் கீழறைகளுக்குள் இறக்கிவிடும். டோல்கேட்டைத் தாண்டிய பிறகு நான்குவழிச் சாலைதான். ஹிஸ் கற்றை, அதன் இரு கிளைகள், புர்கின்ஜி இழைகள் என்று விரைவுக் கம்பிகள் வழியாக மின்னலை கீழறைத் தசை முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பரவிவிடும். க்யூ.ஆர்.எஸ். ஒல்லியாகவும் கூராகவும் இருப்பதற்கு இந்த வேகமே காரணம்.

சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு வழியும் இருக்கும். கருவில் இதயம் உருவாகும்போது அந்த நார் வளையம் ஓரிடத்தில் முழுதாக மூடாமல், நூலிழை போன்ற தசை ஒன்று மேலறையையும் கீழறையையும் இணைத்தபடியே நின்றுவிடுகிறது. ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இதன் அடையாளம் இ.சி.ஜி.யில் தெரியும். டோல்கேட்டைச் சுற்றிக்கொண்டு போகும் மண்பாதை என்று இதை நினைத்துக்கொள்ளலாம். அங்கே வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதனால் அந்த வழியாக வரும் மின்னலை கீழறைக்கு முதலில் வந்து சேருகிறது. ஆனால் வந்து சேரும் இடம் நெடுஞ்சாலை அல்ல, வரப்பு. விரைவுக் கம்பி எதுவும் கையில் கிடைக்காமல், தசை நாரிலிருந்து அடுத்த தசை நாருக்கு என்று மெதுவாக ஊர்ந்துதான் பரவ வேண்டும். இது ஊர்ந்துகொண்டிருக்கும்போதே டோல்கேட் வழியாக வந்த அலை நான்குவழிச் சாலையில் பாய்ந்து வந்து மிச்சம் இருக்கும் தசை முழுவதையும் பிடித்துவிடுகிறது.

தாளில் இந்தக் கதை அப்படியே வரையப்படுகிறது. முதலில் வந்தது முன்கூட்டியே வந்ததால் பி.ஆர். இடைவெளி குறுகுகிறது. வந்தது ஊர்ந்து பரவியதால் க்யூ.ஆர்.எஸ்.ஸின் முதல் பகுதி செங்குத்தாக எழாமல் சாய்வாக, மழுங்கி, மலையடிவாரம் போல எழுகிறது. பிறகு நெடுஞ்சாலை அலை வந்து சேர்ந்ததும் சட்டென்று செங்குத்தாக நிமிர்கிறது. அந்தச் சாய்வான அடிவாரத்துக்குத்தான் டெல்டா அலை என்று பெயர். 1944-ல் பெல்ஜிய மருத்துவர்கள் வைத்த பெயர் அது. காவிரி டெல்டாவுக்குப் பெயர் தந்த அதே கிரேக்க எழுத்து. கீழறை இப்படி முறைக்கு முன்பே தூண்டப்படுவதை ப்ரீ-எக்சைட்டேஷன் என்கிறோம். அதோடு படபடப்பும் இருந்தால் உல்ஃப்–பார்க்கின்சன்–ஒயிட் நோய், சுருக்கமாக டபிள்யூ.பி.டபிள்யூ.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களுக்கு இது மூன்று அடையாளங்களாகச் சொல்லித்தரப்படுகிறது: பி.ஆர். 120-க்குக் கீழ், டெல்டா அலை, அகன்ற க்யூ.ஆர்.எஸ். மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் அவை மூன்று தனித்தனி அடையாளங்கள் அல்ல. க்யூ.ஆர்.எஸ். அகன்றிருப்பது அது தாமதமாக முடிந்ததால் அல்ல, முன்கூட்டியே தொடங்கியதால். பி.ஆரிலிருந்து திருடிய நேரமே க்யூ.ஆர்.எஸ்.ஸின் முன்பக்கத்தில் டெல்டாவாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவருக்குத் தாளைப் படிப்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்த இளைஞரின் தாளில் இதை அளந்தே பார்த்தோம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெள்ளைத் தாளின் ஓரத்தைத் துடிப்பின் அடியில் வைத்து, பி தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, க்யூ.ஆர்.எஸ். தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, முடியும் இடத்தில் ஒரு புள்ளி. பிறகு அந்த ஓரத்தைக் கட்டங்களின் மேல் வைத்து எண்ண வேண்டியதுதான். பி தொடக்கத்திலிருந்து க்யூ.ஆர்.எஸ். தொடக்கம் வரை இரண்டேகால் கட்டம், அதாவது 90 மில்லிநொடி. க்யூ.ஆர்.எஸ்.ஸின் அகலம் மூன்றேகால் கட்டம், அதாவது 130. முதலாவது குறைவு, இரண்டாவது அதிகம். இரண்டையும் கூட்டினால் 220. முழு ஆரோக்கியமான இதயம் ஒன்றில் பி.ஆர். 140-ம் க்யூ.ஆர்.எஸ். 80-ம் இருந்தாலும் அதே 220 தான் வரும். பயணம் முடிந்த நேரம் மாறவில்லை, கீழறை கிளம்பிய நேரம்தான் 50 மில்லிநொடி முந்தியிருக்கிறது. எல்லோரிடமும் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் பெரும்பாலானவர்களிடம் கூட்டுத்தொகை இயல்பான எல்லைக்குள்ளேயே நிற்கும்.

கிளைக்கற்றை அடைப்பு என்று ஒன்று உண்டு. ஹிஸ் கற்றையின் இரு கிளைகளில் ஒன்று வேலை செய்யாமல் போவது. அங்கேயும் க்யூ.ஆர்.எஸ். அகலும், அவசரத்தில் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவார். ஆனால் அங்கே தாமதம் கடைசியில் வருகிறது. பி.ஆர். 160, க்யூ.ஆர்.எஸ். 130 என்றால் கூட்டுத்தொகை 290. தொடக்கம் சரியான நேரத்தில் நடந்திருக்கிறது, முடிவுதான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒன்றில் அடிவாரம் மழுங்கல், மற்றதில் பெரும்பாலும் பின்பாதி மழுங்கல். கண்ணுக்குப் பழக்கமாகும் வரை கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. இந்த நோயை உலகுக்குச் சொன்னவர்களே அதில் விழுந்தார்கள். 1928-ல் பாஸ்டனில் பால் டட்லி ஒயிட்டிடம் 35 வயது ஆசிரியர் ஒருவர் படபடப்பு என்று வந்தார். அவருடைய இ.சி.ஜி.யில் பி.ஆர். குறுகியும் க்யூ.ஆர்.எஸ். அகன்றும் இருந்தன. உடற்பயிற்சி செய்ய வைத்து மறுபடி எடுத்தபோது தாள் இயல்பாகிவிட்டது. ஒயிட்டின் உதவியாளரான லூயி உல்ஃபும் அவரும் அதுபோன்ற தாள்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். லண்டனில் ஜான் பார்க்கின்சனும் அப்படிச் சிலரைப் பார்த்துவைத்திருந்தார். மூவரும் சேர்ந்து 1930-ல் 11 பேரைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அதைக் கிளைக்கற்றை அடைப்பு என்றுதான் குறிப்பிட்டார்கள். அடைப்பு அல்ல, கூடுதலாக ஒரு வழி இருக்கிறது என்ற விளக்கத்தை 1932, 1933 ஆண்டுகளில் வேறு ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அந்த இழையை நுண்ணோக்கியின் அடியில் காட்ட 1943 வரை ஆனது. ஒயிட்டைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. உடற்பயிற்சியில் தாள் மாறியதைக் கவனித்து, அதை ஒதுக்கித்தள்ளாமல் பிடித்துக்கொண்டதுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். அந்தத் துப்பு இன்றும் நமக்கு உதவுகிறது.

மறுபடியும் அந்தத் தாளுக்கு வருவோம். மாரடைப்பு என்று இயந்திரம் ஏன் நினைத்தது? டெல்டா எப்போதும் மேல்நோக்கித்தான் எழும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எழும் திசை, மண்பாதை எங்கே வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. மின்னலை ஒரு லீடை நோக்கி ஓடினால் அங்கே மேல்நோக்கி வரையப்படும், விலகி ஓடினால் கீழ்நோக்கி. இந்த இளைஞரின் இழை இதயத்தின் அடிப்பகுதியில், பின்புறம், இரு அறைகளின் நடுச்சுவரை ஒட்டி இருந்தது. அங்கிருந்து கிளம்பிய அலை கீழிருந்து மேலாக ஓடியது. கீழே நின்று பார்க்கும் மூன்றாம் லீடும் ஏவிஎஃப்பும் தங்களை விட்டு விலகிப் போகும் அலையைக் கண்டன. அதனால் டெல்டா பள்ளமாக விழுந்தது. இயந்திரம் அந்தப் பள்ளத்தைச் செத்த தசையின் அடையாளமான க்யூ அலை என்று எடுத்துக்கொண்டது.

வழக்கமான தாளில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய லீடுகள் ஒரே பத்தியில் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே நேரத்தில் பதிவாகின்றன. ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து மூன்றாம் லீடில் பள்ளம் தொடங்கும் புள்ளியிலிருந்து மேலே கோடு இழுத்தேன். அதே கணத்தில் முதல் லீடில் என்ன நடக்கிறது? அங்கே ஒரு மழுங்கிய சாய்வு மேல்நோக்கி எழத் தொடங்கியிருந்தது. பி அலை முடிந்த மறு நொடியே, சமதரை எதுவும் இல்லாமல். அப்பாவைப் பக்கத்தில் அழைத்துக் காட்டினேன். "இந்த மேடு முடிஞ்சு இவ்வளவு தூரமாவது தரை நேரா இருக்கணும். இங்கே இல்ல பாருங்க. மேலே சரிவா ஏறுதே, அதுவும் கீழே சரிவா இறங்குதே, ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டு பக்கத்திலேர்ந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்."

மாரடைப்பால் வரும் பள்ளத்துக்கு முன்னால் பி.ஆர். இடைவெளி பொதுவாகக் குறுகியிருக்காது. அதே கணத்தில் மற்ற லீடுகளில் மழுங்கிய சாய்வும் இருக்காது. ப்ரீ-எக்சைட்டேஷனில் எல்லா லீடுகளும் ஒரே கதையைச் சொல்லும். ஒரு லீடை மட்டும் பார்த்து முடிவுசெய்பவர் இயந்திரம் செய்த தவறையே செய்வார். பி.ஆர். அளப்பதிலும் இது பொருந்தும். ஏதாவது ஒரு லீடில் டெல்டா மேலும் போகாமல் கீழும் போகாமல் தரையோடு தரையாக ஓடியிருக்கும். அந்த லீடில் மட்டும் அளந்தால் பி.ஆர். இயல்பாகவே தெரியும். எந்த லீடில் பி முதலில் தொடங்குகிறதோ அங்கிருந்து, எந்த லீடில் க்யூ.ஆர்.எஸ். முதலில் கிளம்புகிறதோ அதுவரை அளப்பதே சரி.

தலைகீழான தவறும் நடக்கிறது. பி.ஆர். 110 என்று இயந்திரம் அச்சிட்டதும் சிலர் பயந்துவிடுகிறார்கள். சிலருடைய டோல்கேட் இயல்பிலேயே வேகமானது. குழந்தைகளின் பி.ஆர். வளர்ந்தவர்களுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், 120 என்ற எல்லை அவர்களுக்குப் பொருந்தாது. சில சமயம் துடிப்பு மேலறையின் உச்சியில் பிறக்காமல், ஏ.வி. கணுவுக்குப் பக்கத்திலேயே பிறக்கும். அப்போது இரண்டாம் லீடில் பி அலை தலைகீழாக இருக்கும், பி.ஆரும் குறுகும். இவற்றில் எதிலும் டெல்டா இருக்காது, க்யூ.ஆர்.எஸ். ஒல்லியாகவும் கூராகவும் எழும். டெல்டா இல்லாத குறுகிய பி.ஆரை மட்டும் வைத்து ஒருவரை நோயாளியாக்கக் கூடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, டெல்டா இருந்தும் கண்ணில் படாமல் போகும் தாள்கள். துடிப்பு பிறக்கும் சைனஸ் கணு வலது மேலறையின் உச்சியில் இருக்கிறது. கூடுதல் இழை இதயத்தின் இடதுபக்கக் கோடியில் இருந்தால் மின்னலை அங்கே போய்ச் சேருவதற்கே நேரம் பிடிக்கும். அதற்குள் டோல்கேட் வழி அலையும் ஏறக்குறைய வந்துவிடும். இருவரும் ஒன்றாக வந்து சேர்வதால் முந்துதல் மிகச் சின்னது. பி.ஆர். 120-ஐத் தொட்டுக்கொண்டோ சற்று மேலேயோ நிற்கும், டெல்டா ஒரு நிழல் போலத்தான் தெரியும். அப்போது நான் பார்ப்பது மார்பின் இடது ஓரத்து வி6 லீடை. இயல்பான இதயத்தில் நடுச்சுவர் இடமிருந்து வலமாக முதலில் தூண்டப்படுவதால், வி6-ல் க்யூ.ஆர்.எஸ்.ஸின் தொடக்கத்தில் ஊசிமுனை போல ஒரு சின்னப் பள்ளம் பெரும்பாலும் இருக்கும். கூடுதல் இழை முந்திக்கொண்டால் அந்தப் பள்ளம் அழிந்துவிடும். அது இல்லை என்பதாலேயே நோய் உறுதியாகிவிடாது. ஆனால் படபடப்பு என்று வந்த ஒருவருடைய தாளில் அது இல்லையென்றால் இன்னொருமுறை உற்றுப் பார்க்கக் காரணம் கிடைத்துவிடுகிறது. சந்தேகம் நீடித்தால், முழு வசதியுள்ள இடத்தில், ஏ.வி. கணுவை ஒரு சில நொடி உறங்கவைக்கும் அடினோசின் ஊசியைப் போட்டுப் பார்ப்பார்கள். டோல்கேட் மூடிக்கொண்டால் போக்குவரத்து முழுவதும் மண்பாதையில் திரும்பும், ஒளிந்திருந்த டெல்டா பெரிதாக வெளியே வரும்.

டெல்டா சிலருக்கு வந்து வந்து போகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே தாளில் நான்கு துடிப்பு இயல்பாக, அடுத்த நான்கு துடிப்பு முந்தியதாக வரலாம். இன்னொரு முக்கியமான சங்கதி: படபடப்பு நடந்துகொண்டிருக்கும்போது எடுத்த தாளில் டெல்டாவைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வழக்கமான படபடப்பில் மின்னலை ஏ.வி. கணு வழியாகக் கீழே இறங்கி, கூடுதல் இழை வழியாக மேலே ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இழை இப்போது மேலே போகும் வழியாகிவிட்டதால் கீழறையை அது முந்தித் தூண்டுவதில்லை. க்யூ.ஆர்.எஸ். ஒல்லியாக, நிமிடத்துக்கு 180, 200 என்று ஓடும். ஊசி போட்டுப் படபடப்பு நின்றதும் நோயாளிக்கும் நிம்மதி, பார்ப்பவருக்கும் நிம்மதி, தாளை மடித்து வைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அமைதியான இதயத்தின் இ.சி.ஜி. இன்னொன்று எடுக்காமல் விடுவதுதான் நான் மறுபடி மறுபடி பார்க்கும் குறை. டெல்டா தெரிவது அந்த இரண்டாவது தாளில்தான்.

இளைஞரிடம் படபடப்பு உண்டா என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். அப்பா வெளியே தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மெதுவாகச் சொன்னார்: "பத்தாவது படிக்கும்போதுலேர்ந்து எப்பவாவது வரும் சார். சுவிட்ச் போட்ட மாதிரி டக்குனு ஆரம்பிக்கும், டக்குனு நின்னுடும். பயம்னு நினைச்சுக்கிட்டேன்." சுவிட்ச் என்று அவரே சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது. பயத்தால் வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சுற்றில் மாட்டிக்கொண்ட மின்னலைக்குத்தான் அப்படிச் சட்டென்று ஒரு தொடக்கமும் சட்டென்று ஒரு முடிவும் இருக்கும்.

எக்கோ பார்த்ததில் கீழ்ச்சுவர் நன்றாகவே சுருங்கியது. மாரடைப்பு இல்லை என்பது உறுதியானது. அடுத்து டிரெட்மில். ஓட ஓட அட்ரினலின் ஏறி டோல்கேட்டே வேகமாகும் என்பதால் டெல்டா கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே துடிப்பில் சட்டென்று மறைகிறதா என்பதே கேள்வி. அப்படி மறைந்தால் அந்த இழை வேகமான துடிப்பைத் தாங்கமாட்டாத பலவீனமான இழை என்று பொருள். இவருடைய துடிப்பு நிமிடத்துக்கு 142-ஐத் தொட்டபோது அது நடந்தது. ஒரு துடிப்பில் ஏவிஎஃப்பில் பள்ளம் இருந்தது, அடுத்த துடிப்பில் இல்லை. செத்த தசை அடுத்த துடிப்பில் உயிர் பெறாது. திரையில் அந்த இடத்தை நிறுத்தி அப்பாவிடம் காட்டியபோதுதான் அவர் முகம் தெளிந்தது.

இழையின் பலத்தைத் தெரிந்துகொள்வது ஏன் என்றால், ஏ.வி. கணுவுக்கு இருக்கும் தடுக்கும் குணம் மண்பாதைக்கு இல்லாமல் போகலாம். இத்தகையவருக்கு எப்போதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான மேலறைத் துடிப்பு வந்தால், மேலறை நிமிடத்துக்கு 350-க்கும் மேல் துடிக்கும். ஏ.வி. கணு அதில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும். வேகமான இழையோ பலவற்றை அப்படியே கீழே விட்டுவிடும், அரிதாக அது உயிருக்கே ஆபத்தாகும். அந்த நேரத்தில் துடிப்பை அடக்குவதாக நினைத்து வெரபாமில், டிகாக்சின் போன்ற, ஏ.வி. கணுவை மெதுவாக்கும் மருந்துகளைக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். டபிள்யூ.பி.டபிள்யூ. உள்ளவர் தன் பழைய இ.சி.ஜி. நகலைக் கைப்பேசியிலாவது வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இழை பலவீனமானதுதான் என்றாலும் படபடப்பு அவரை விடவில்லை. அதை வெட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. 1968-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மீனவருக்கு நெஞ்சைத் திறந்துதான் இதைச் செய்தார்கள். இப்போது தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, இழை இருக்கும் புள்ளியை அலைகளாலேயே தேடிக் கண்டுபிடித்து, ரேடியோ அலைச் சூட்டால் சுட்டுவிடுகிறார்கள். இவருடைய இழை ஏ.வி. கணுவுக்கு அருகில் இருந்ததால் கணுவையும் சேர்த்துச் சுட்டுவிடாமல் இருக்க நிதானம் தேவைப்பட்டது. சரியான புள்ளியில் சூடு பட்ட சில நொடிகளில் திரையில் டெல்டா மறைந்தது.

மறுநாள் எடுத்த தாளை அளந்தேன். பி.ஆர். மூன்றரைக் கட்டம், 140 மில்லிநொடி. க்யூ.ஆர்.எஸ். இரண்டு கட்டம், 80. கூட்டினால் முன்பிருந்த அதே 220. மூன்றாம் லீடிலும் ஏவிஎஃப்பிலும் பள்ளம் போயிருந்தது. ஆனால் அவற்றில் துடிப்பின் முடிவில் வரும் டி அலை இப்போது தலைகீழாக விழுந்திருந்தது. இத்தனை வருடம் தவறான திசையில் தூண்டப்பட்ட தசை, வழி சரியான பிறகும் சில வாரம் பழைய திசையை மறக்காமல் டி அலையில் காட்டிக்கொண்டிருக்கும். இதயத்தின் நினைவு என்றே மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தெரியாதவர் பார்த்தால் கீழ்ச்சுவருக்கு ரத்தம் போகவில்லை என்று நினைத்துவிடுவார்.

அந்த டி அலைகளுக்குப் பக்கத்தில் பேனாவால் தேதியையும், நேற்று இழை சுடப்பட்டது என்பதையும் எழுதி, பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றாகப் பின் செய்து கொடுத்தேன். அப்பா இந்த முறை மடிக்கவில்லை. உள்ளே வைத்து எடுத்துப் போக ஒரு பிளாஸ்டிக் கவர் கிடைக்குமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.